மூன்று வாரம் இழுத்த ஒரு 'இல்லை'

ஒரு வேலை வேண்டாம் என்று சொல்ல எத்தனை நாள் ஆகும்? எழுதத் தெரிந்தவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். நம் ஆவியக்காவுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அப்படியும் அவள் சொல்லவில்லை, சொல்ல வைத்தார்கள்.

ஆவியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. நாற்பது கட்டில் உள்ள ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்குப் போகிற கத்தரி, இடுக்கி, துணி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, பொதியாகக் கட்டி, நீராவி இயந்திரத்தில் வைத்துக் கிருமி நீக்கி மேல்மாடிக்கு அனுப்புகிற அறைக்குப் பொறுப்பு அவள். இயந்திரத்தின் கதவு திறக்கும்போதெல்லாம் வெண்புகைக்கு நடுவில் நிற்கிறாளே என்று மயக்க மருந்து டாக்டர் ஒருவர் விளையாட்டாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. "கீழ ஆவி இருக்கு, ஜாக்கிரதையா போ" என்று யாரோ சொல்லி அனுப்ப, புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி அரை மணி நேரம் படியிலேயே நின்றதும் உண்டு.

வேலையில் அவள் கெட்டி. பொதி கொஞ்சம் ஈரமாக வந்தாலும் மேலே அனுப்ப மாட்டாள். "டாக்டர் கத்துறாரு அக்கா, இந்த ஒரு தடவை மட்டும்" என்று கெஞ்சினால், "அவர கீழ வந்து கத்தச் சொல்லு" என்பாள். இப்படி அறைக்குள்ளே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள், அறைக்கு வெளியே வந்துவிட்டால் யாரிடமும் முகத்துக்கு நேராக 'மாட்டேன்' என்று சொல்ல மாட்டாள். சீட்டுப் பிடிக்க வந்தவரிடம் "பார்க்கலாம்". பாத்திரம் விற்க வந்தவரிடம் "அடுத்த வாரம் வாங்களேன்". அடுத்த வாரம் அவர் வந்தால் இவள் உள்ளே போய் ஒளிந்துகொள்வாள், மாமியார்தான் போய் விரட்டவேண்டும்.

இப்படிப்பட்டவளுக்கு ஊரின் மறுகோடியில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வேலை வந்தது. ஆறு ஆபரேஷன் அரங்கு, ஐந்து இயந்திரம், பன்னிரண்டு ஆட்கள். அத்தனைக்கும் பொறுப்பாளர். நேர்காணல் முடிந்ததும் ஆளெடுப்புப் பிரிவு மேடம் தானே கூட வந்து அந்தப் பிரிவு முழுவதையும் சுற்றிக்காட்டினார். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். நான்காம் தேதி கடிதமும் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் பதில் தரவேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

ஆவியக்காவுக்கு அந்த வேலை வேண்டாம் என்பது சுற்றிப் பார்த்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. அங்கே பொறுப்பாளருக்குக் கண்ணாடி அறை. மேசை நிறைய யார் எந்த நேரம் வரவேண்டும் என்கிற பட்டியல். வாரம் மூன்று கூட்டம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர் வேலை செய்ய, இந்தப் பக்கம் இவள் உட்கார்ந்து கையெழுத்துப் போடவேண்டும். கருவிகள் அடுக்கிய தட்டைக் கையில் தூக்கினதுமே எதில் ஒரு இடுக்கி குறைகிறது என்று சொல்லிவிடுகிற கை அவளுடையது. அந்தக் கைக்கு அங்கே வேலையே இல்லை. சம்பளம் கூடத்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதையும் கணவனோடு உட்கார்ந்து பேசி, "உனக்குப் பிடிக்கலன்னா விடு, நாம என்ன பட்டினியா கிடக்கோம்" என்று அவரும் சொல்லி முடித்தாகிவிட்டது.

முடிந்ததல்லவா? சொல்லிவிட வேண்டியதுதானே? அங்கேதான் நம்மவள் வழுக்கினாள். தேநீர் வாங்கிக் கொடுத்த மனுஷியிடம் எப்படி வேண்டாம் என்பது என்று இரண்டு நாள் மென்று விழுங்கினாள். மூன்றாம் நாள் கடிதத்துக்குப் பதில் எழுதாமல், மேடத்தின் கைபேசிக்கு ஒரு செய்தி தட்டிவிட்டாள்.

"வணக்கம் மேடம். லெட்டர் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம். என்மேல இவ்ளோ நம்பிக்கை வச்சதுக்கு ரொம்ப ரொம்ப தேங்க்ஸ். ஆனா இப்போதைக்கு கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு. வீடும் தூரம். தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். பார்க்கலாம். சாரி." அதற்குக் கீழே கும்பிடும் கை மூன்று.

தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவே அவள் நினைத்துக்கொண்டாள். மனசு லேசாகிப்போய் அன்றைக்கு இரண்டு தட்டு கூடுதலாகக் கட்டினாள். சாயங்காலம் பதில் வந்தது. "தாராளமா டைம் எடுத்துக்கோங்க. தூரம்தான் பிரச்சனைன்னா எங்க வேன் உங்க தெரு முனை வரைக்கும் வரும். ஏற்பாடு பண்றேன்."

அடக் கடவுளே! ஆனால் இதில் மேடத்தின் தப்பு என்ன? தூரம் என்றால் வண்டி. கணக்குச் சரிதானே? இவள் அப்போதாவது விழித்திருக்கலாம். "ஐயோ, உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம், பையனுக்கு ஸ்கூல் விடுற நேரத்துக்கு நான் வீட்ல இருக்கணும், அதான் பார்க்கிறேன்" என்று அடுத்த சாக்கை எடுத்து விட்டாள். நான்கு நாள் கழித்துப் பதில். "டைரக்டர்கிட்ட பேசிட்டேன். உங்களுக்கு மட்டும் எட்டிலிருந்து நாலு. சந்தோஷமா?"

ஒரு ஓட்டையை இவள் காட்டுவாள், அந்தம்மா அடைத்துவிடுவார். இப்படியே மூன்றாவது வாரமும் வந்தது. சொல்ல வேறு சாக்குக் கிடைக்காமல் கடைசியில் மாமியார்மேல் கை வைத்தாள். "மாமியாருக்கு அடிக்கடி தலை சுத்துது மேடம். தனியா விட முடியல. அதான் யோசனையா இருக்கு."

இந்த மாமியார் யார் தெரியுமா? எழுபத்தொரு வயது. தினமும் காலையில் பூங்காவை நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு, ஐந்தாவது சுற்றை எதிர்த் திசையில் நடந்து, மூச்சு வாங்குகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருகிற ஆள். அந்தம்மாவுக்குத் தலை சுற்றுகிறதாம்.

இது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஆவியக்காவைப் பார்க்கப் பட்டாசு வந்தாள்.

பட்டாசு அவளோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவள். வாயைத் திறந்தால் வெடிதான், அதனால் அந்தப் பெயர். வேறொரு சின்ன ஆஸ்பத்திரியில் இதே வேலை. அங்கே ஆபரேஷன் அரங்கையே இந்த மாதக் கடைசியோடு மூடுகிறார்கள் என்பது ஆவியக்காவுக்கு ஏற்கனவே தெரியும். பட்டாசுவுக்குப் புருஷன் இல்லை. ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை.

சுத்தமான பகுதிக்குள் வெளியாள் வரக்கூடாது என்பதால், இருவரும் பொருள் வைக்கிற அறையின் ஓரத்தில் இரண்டு அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தார்கள். கொண்டுவந்த டப்பாவைப் பட்டாசு திறக்கவே இல்லை.

"பெரிய ஆஸ்பத்திரில பொறுப்பாளர் போஸ்ட் ஒண்ணு போட்டாங்களே, அதுக்கு நானும் போயிருந்தேன்டி. நல்லாத்தான் பண்ணேன். நேத்து ஃபோன் பண்ணிக் கேட்டா, நான் ரெண்டாவது ஆளாம். முதல் ஆளு இன்னும் பதில் சொல்லலையாம். அவங்க வேண்டாம்னாத்தான் எனக்காம்."

ஆவியக்காவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நீ... நீயும் போயிருந்தியா? சொல்லவே இல்ல?"

"கிடைச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். கிடைக்காம போனா அவமானம்ல? இப்ப கேளு. எட்டு மணி நேரப் பயணத்துல ஒரு ஊரு. அங்க ஒரு ஆஸ்பத்திரில கூப்பிடுறாங்க. சம்பளம் கம்மி, ரெண்டு வருஷம் விலக மாட்டேன்னு எழுதிக் குடுக்கணும். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வரேன் வரலன்னு சொல்லணும். மாசம் முடிஞ்சா இங்க எனக்கு வேலை இல்ல. வேற என்ன பண்றது? போறேன்னு சொல்லிரலாம்னு இருக்கேன். பாப்பாவ ஸ்கூல்லருந்து நிறுத்தி, எங்கம்மாவத் தனியா இங்க விட்டுட்டு..."

பட்டாசு அழுது ஆவியக்கா பார்த்ததே இல்லை. அன்றைக்கு அழுதாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "யாருடி அந்த மகாராணி? மூணு வாரமா ஒரு பதில் சொல்ல முடியாம? வேணும்னா வேணும்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே? நான் என் வழியப் பார்த்துட்டுப் போயிருப்பேன்ல?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த அட்டைப்பெட்டிமேல், அப்போதே சொல்லியிருக்கலாம். ஆவியக்கா என்ன செய்தாள்? "அழாதடி, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.  மேலே மணி அடித்ததும், தப்பித்தேன் பிழைத்தேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு பூகம்பம். மாமியார் கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாத்தனார், அதாவது மாமியாரின் மகள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். பிஸ்கட் கம்பெனி ஒன்றில் ஆளெடுப்புப் பிரிவில் பத்து வருஷமாக வேலை. அம்மா ஃபோன் பண்ணிக் கூப்பிட்டதில் அலுவலகப் பையைக்கூட இறக்காமல் வந்திருந்தாள்.

"வாம்மா வா," என்றார் மாமியார். "எனக்குத் தலை சுத்துதாமே? எனக்கே தெரியாம எப்போலருந்து?"

"அத்தை, அது வந்து..."

"பெரிய ஆஸ்பத்திரிலருந்து நம்ம வீட்டு நம்பருக்கு ஃபோன் வந்துச்சு. நாளைக்குப் பதினோரு மணிக்கு நரம்பு டாக்டரப் பாக்க வரணுமாம். ஃபீஸ் கிடையாதாம். சக்கர நாற்காலி வாசலுக்கே வருமாம். சக்கர நாற்காலி! எனக்கு! நான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன், உன்னை உக்கார வச்சு நான் தள்ளிட்டு வரேன் வான்னு."

நாத்தனாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணி, என்ன நடக்குது? முதல்ல உக்காருங்க, உக்காந்து சொல்லுங்க."

ஆவியக்கா உட்கார்ந்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். வேன், எட்டிலிருந்து நாலு, தலை சுற்றல், கடைசியில் பட்டாசு.  கைபேசியை எடுத்து நாத்தனாரிடம் கொடுத்தாள். நாத்தனார் மேலிருந்து கீழே வரை படித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுல எங்க அண்ணி வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க?"

"முதல் மெசேஜ்லயே சொல்லிட்டேனே."

"எந்த வரி? காட்டுங்க."

ஆவியக்கா தேடினாள். திரும்பத் திரும்பத் தேடினாள். "இப்போதைக்குன்னு போட்டிருக்கேன்ல... பார்க்கலாம்னு..."

"இது என் மேசைக்கு வந்தா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? 'இன்னும் பேரம் பேசுது, விடாதே'ன்னு பேருக்கு நேரா எழுதி வச்சுருவேன். இப்போதைக்குன்னா அப்புறம் வருவாங்கன்னு அர்த்தம். தூரம்னா வண்டி கேக்குறாங்கன்னு அர்த்தம். நீங்க ஒவ்வொரு காரணமா குடுக்கக் குடுக்க, அந்தம்மா ஒவ்வொண்ணா தீத்து வைக்குது. அதான் அதோட வேலை. நல்லாப் பண்ணுது, நானே பாராட்டுவேன். இந்த மூணு வாரமும் ரெண்டாவது ஆளுக்கு லெட்டர் போட முடியாது அதால. முதல் ஆளு எழுத்துல வேண்டாம்னு சொல்லணும், இல்லன்னா குடுத்த வாய்ப்ப அவங்களே திரும்ப எடுக்கணும். உங்களை விட மனசில்லாம அதச் செய்யாம வச்சிருக்கு."

"அவ்ளோ நல்லவங்ககிட்ட எப்படிம்மா முகத்துல அடிச்ச மாதிரி..."

"முகத்துல அடிக்க வேண்டாம். இல்லன்னு சொன்னா வாய் வெந்துறாது," என்று குறுக்கே வெட்டினார் மாமியார். "என் தலைய சுத்த விட்டியே, அதுக்கு மட்டும் தைரியம் இருந்துச்சா?"



சாப்பாட்டு மேசையில் பையனின் கணக்கு நோட்டை ஒதுக்கிவிட்டு, நாத்தனார் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தாள். "ஃபோன் மெசேஜ் வேண்டாம். லெட்டர் எந்த மெயில்லருந்து வந்துச்சோ அதுக்கே பதில் போடணும். அப்பத்தான் ஃபைல்ல ஏறும். மெசேஜ் அந்தம்மா ஃபோனோட நின்னுரும், அவங்க லீவுல போனா யாருக்கும் தெரியாது. நீங்க எழுதுங்க, நான் பாக்குறேன்."

ஆவியக்கா எழுதினாள். எழுதிக் காட்டினாள். "மன்னிக்கவும்" நான்கு இடத்தில் இருந்தது. "சூழ்நிலை காரணமாக" இரண்டு இடத்தில். "தற்போது ஏற்க இயலாத நிலையில் இருப்பதால், பிற்காலத்தில் வாய்ப்பிருந்தால்" என்று ஒரு வரி ஆரம்பித்து முடியாமலே கிடந்தது.

நாத்தனார் பேனாவை எடுத்தாள். "பிற்காலத்த எடுங்க. மறுபடியும் கதவத் திறந்து வைக்கிறீங்க. வேண்டாம்னா அது எத்தனாவது வரில வருது? அஞ்சாவதுல. அதுவரைக்கும் படிக்கிறவங்க, வராங்கன்னு நினைச்சுட்டுச் சந்தோஷமா படிப்பாங்க, அப்புறம் தூக்கிப் போட்டீங்கன்னா அதான் கொடுமை. நன்றி ஒரு வரி, அதுக்கு அடுத்த வரி முடிவு."

"காரணம்?"

"அவசியமில்ல. காரணம் குடுத்தா அதுக்கு மருந்து குடுப்பாங்க. பாத்தீங்கல்ல, டாக்டரோடயே குடுத்தாங்க."

"அவளப் பத்தி ஒரு வார்த்தை போடட்டுமா? பட்டாசுக்குக் குடுங்க, நல்ல வேலைக்காரின்னு?"

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாம் அண்ணி. அவங்க தானாத் தேறி ரெண்டாவது வந்திருக்காங்க. நீங்க சிபாரிசு பண்ணா, தோழிக்காக விட்டுக் குடுக்கிறீங்கன்னு வேற கதை ஆயிரும். நீங்க வழிய விட்டு நகர்ந்தா போதும்."

இரண்டாவது தாள் ஓரளவு நின்றது. மூன்றாவது தாளில் நாத்தனார் அடிக்க எதுவும் இல்லை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது, ஆவியக்கா, "இரு, இன்னும் ஒண்ணு எழுதணும்" என்றாள். மாமியாரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து நான்கு வரி சேர்த்தாள். நாத்தனார் படித்துவிட்டு, "இது இல்லாமலும் போகலாம் அண்ணி. யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

"இருக்கட்டும்," என்றாள் ஆவியக்கா. அந்த 'இருக்கட்டும்' ஈரப்பொதியைத் திருப்பி அனுப்புகிற குரலில் வந்தது.

பிறகு கைபேசியில் தட்டச்சு செய்தாள். கடைசியில் போன கடிதம் இது:

"மதிப்பிற்குரிய மேடம்,

கிருமிநீக்கப் பிரிவின் பொறுப்பாளர் பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்து, நான்காம் தேதி கடிதம் அனுப்பியதற்கு மனமார்ந்த நன்றி. நன்றாக யோசித்து முடிவெடுத்துவிட்டேன். இந்தப் பணியை நான் ஏற்கவில்லை.

உங்கள் பிரிவு முழுவதையும் நீங்களே வந்து சுற்றிக்காட்டியதை மறக்க மாட்டேன். வாகனம், வேலை நேரம் என்று எனக்காக நீங்கள் எடுத்த சிரமங்களுக்கும் நன்றி. இவற்றால் என் முடிவு மாறாது என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரம் உங்களைக் காக்க வைத்தது என் தவறு.

என் மாமியாருக்கு உடல்நலக் குறைவு என்று நான் சொன்னது உண்மை இல்லை. அவர் மிக நலமாக இருக்கிறார். நாளை அவருக்காக ஒதுக்கிய நேரத்தைத் தேவைப்படும் ஒருவருக்குக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இதற்காக வருந்துகிறேன்.

எனக்காக இனி இந்த இடத்தை வைத்திருக்க வேண்டாம். தகுதியான ஒருவர் விரைவில் உங்கள் பிரிவுக்கு அமைய என் வாழ்த்துகள்."

"மிக நலமாகன்னு போட்டியா? சரி, போகட்டும்," என்றார் மாமியார். அவர் கோபம் அத்தோடு பாதி இறங்கியது. ஆறு மணி ஐம்பதுக்குக் கடிதம் போயிற்று. அனுப்பிய பிறகு ஆவியக்கா கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போனாள். மூன்று கூட்டலைத் தப்பாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை. அவளுடைய அறையில் நாளின் முதல் சுற்று வெறும் சோதனைச் சுற்று. துணிப் பொதிக்கு நடுவில் ஒரு சோதனைத் தாளை வைத்து இயந்திரத்தை ஓட்டுவார்கள். தாள் முழுக்க ஒரே நிறமாக மாறியிருந்தால் நீராவி நடு வரைக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் வெளிறின திட்டு இருந்தால் உள்ளே காற்று நின்றுவிட்டது, அந்த இயந்திரத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. அன்றைய தாள் ஒழுங்காக மாறியிருந்தது. அதைப் பதிவேட்டில் ஒட்டிக்கொண்டிருந்தபோது மேடத்தின் பதில் வந்தது.

"உங்கள் முடிவைப் பெற்றுக்கொண்டோம். தெளிவாகத் தெரிவித்ததற்கு நன்றி. மருத்துவர் சந்திப்பு ரத்து செய்யப்பட்டது. வாழ்த்துகள்."

அவ்வளவுதான். 'மறுபடி யோசியுங்கள்' இல்லை. 'எங்களுக்கு வருத்தம்' இல்லை. ஆவியக்கா அந்த நான்கு வரியை மறுபடி படித்தாள்.  வேண்டாம் என்று சொன்னவள் இவள், ஆனாலும் யாரோ தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் அவளுக்கே ஒரு விஷயம் பிடிபட்டது. மூன்று வாரமாக அவள் வாயைக் கட்டி வைத்தது தயவு தாட்சண்யம் மட்டும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்று வண்டி அனுப்புகிறேன், நேரத்தை மாற்றுகிறேன் என்று தன் பின்னால் வந்ததே, அது ருசித்திருக்கிறது. ஒவ்வொரு தடவை கைபேசி ஒலித்தபோதும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சிக்கு யார் கொடுத்தது விலை? பட்டாசு. சீச்சீ என்று இருந்தது அவளுக்கு.

பத்தரை மணிக்குப் பட்டாசுவின் ஃபோன். கையுறையைக் கழற்றிவிட்டு அவசரமாக எடுத்தாள்.

"கிடைச்சிருச்சுடி! இப்பத்தான் கூப்பிட்டாங்க! மத்தியானம் வந்து லெட்டர் வாங்கிக்கச் சொல்லிட்டாங்க! நான் எங்கயும் போகல, பாப்பா எங்கயும் போகல..." என்று படபடவென்று வெடித்தாள். சிரித்தாள். மூச்சு வாங்கினாள். "அந்த மகாராணி நேத்து சாயங்காலம்தான் வாயத் திறந்திருக்கா. யாரு பெத்த பொண்ணோ, நல்லா இருக்கட்டும், ஆனா என் கையில மட்டும் கிடைச்சா..."

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. நாத்தனார் சொல்ல மாட்டாள், மேடம் சொல்ல மாட்டார். வேலை பட்டாசுவுக்குக் கிடைத்துவிட்டது, எல்லாம் சுபம். ஆவியக்கா கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள்.

"அது நான்தான்டி."

"எது?"

"அந்த முதல் ஆளு. நான்தான்."

 பட்டாசுவின் வெடி அதோடு நின்றது.

"நேத்து உன் முன்னாடி உக்காந்து அழுதேனே," என்றாள் பட்டாசு. குரல் தணிந்திருந்தது. "அப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே முதுகத் தடவிக் குடுத்தியா?"

"ஆமா."

 பிறகு பட்டாசு சொன்னாள். "காலைல எட்டு மணிக்கு பாப்பா ஸ்கூல்ல போய், பேர எடுத்துருங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன். அந்த வகுப்புல இடத்துக்குப் பிள்ளைங்க காத்துட்டு இருக்காங்களாம். நான் வெளிய வர்றதுக்குள்ளயே கிளார்க்கு லிஸ்ட்ட எடுத்துட்டான். இப்ப அங்கதான் ஓடிட்டு இருக்கேன்."

"நானும் வரேன்."

"வா. வந்து ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நீயே சொல்லு, எதனால இப்படி ஆச்சுன்னு."

ஆவியக்கா அடுத்த சுற்றை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, மேல்மாடி சிஸ்டரிடம் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டாள். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், போய்ச் சரி பண்ணணும்" என்றாள். சிஸ்டர் வேறு எதுவும் கேட்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் பட்டாசு நின்றிருந்தாள். இவளைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டாள். இருவரும் முன்னும் பின்னுமாக உள்ளே போனார்கள். தலைமை ஆசிரியையின் மேசைமேல் தாள்கள் அடுக்கி இருந்தன. பட்டாசு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள்.

"நீங்க யாரு? பிள்ளைக்கு என்ன உறவு?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

"இவளோட தோழி," என்றாள் ஆவியக்கா. "இவளுக்கு வர வேண்டிய வேலையில எனக்கு இடம் குடுத்திருந்தாங்க. எனக்கு அது வேண்டாம். வேண்டாம்னு சொல்லாம மூணு வாரம் பிடிச்சு வச்சிருந்தேன். அதனாலதான் இவ ஊர விட்டுப் போறதுக்கு முடிவு பண்ணி, உங்ககிட்ட எழுதிக் குடுத்தா. நேத்து சாயங்காலம் நான் வேண்டாம்னு எழுதிட்டேன். இன்னிக்கு இவளுக்கு வேலை வந்துருச்சு. தப்பு என்னோடது. பிள்ளையோட இடத்த எடுத்துறாதீங்க டீச்சர்."

தலைமை ஆசிரியை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுக்கைப் புரட்டி, காலையில் வந்த தாளை உருவினார். "இன்னும் பதிவேட்டுல ஏத்தல. வரிசைல இருக்கிறவங்களுக்கு மத்தியானம்தான் ஃபோன் போடுறதா இருந்தோம்," என்றார். தாளைப் பட்டாசுவிடமே நீட்டினார். "கிழிச்சுருங்க. இனிமே எழுதிக் குடுக்கும்போது ரெண்டு தடவை யோசிச்சுக் குடுங்க."

பட்டாசு அதை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். வெளியே வந்து வாசலைத் தாண்டினாள். அங்கே நின்று, ஆவியக்காவின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"பத்து நாளைக்கு உன்கூடப் பேச மாட்டேன்."

"சரி."

"உண்மையாத்தான் சொல்றேன். அந்த அட்டைப்பெட்டிய நினைச்சா எனக்கு வயிறு எரியுது."

"சரிடி."

"பதினோராவது நாள் நானே ஃபோன் பண்ணுவேன். எடு," என்று சொல்லிவிட்டு, வேலைக் கடிதம் வாங்கப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.